பெண் வீட்டிலிருந்து போகும் முதல் செய்தி: எல்லைப் பக்கத்து வீடுகளுக்கு

கோயிலில் வைத்தோ கல்யாணப் பந்தியிலோ ஒரு பெரியம்மா உங்கள் கையில் ஒரு நம்பரைக் கொடுத்து, "நல்ல இடம், பேசிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்ததும் "வணக்கம்" என்று அடிக்கிறோம், அதற்கு மேல் ஒரு வார்த்தை ஓடாது. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அக்கா மகளுக்கு வரன் பார்த்தபோது தாய்மாமன் என்ற முறையில் அந்தச் செய்திகளை நான்தான் எழுதினேன். அப்புறம் தெரிந்தவர்கள் வீட்டுக்கும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். இங்கே நான் சொல்வது ஒரே ஒரு சூழ்நிலைக்கு: கேரள எல்லைக்கு இந்தப் பக்கம், சித்தூர் தாலுகாவில் இருக்கும் தமிழ்க் குடும்பம், அந்தப் பக்கம் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலை என்று இருக்கும் ஒரு பையன் வீட்டுக்கு முதல்முறையாக எழுதுகிறது.

செய்தி எழுதுவதற்கு முன்னால், நம்பர் கொடுத்தவரை இன்னொரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த வீட்டில் சொல்லிவிட்டுத்தான் நம்பர் கொடுத்தாரா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லாமல் கொடுத்திருந்தால், "நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நாங்க நாளைக்கு எழுதறோம்" என்று அவரிடமே விட்டுவிடுங்கள். முன்பின் தெரியாத ஊரிலிருந்து திடீரென்று வரும் செய்தியை, அதுவும் கேரளாப் பக்கத்து ஆள் என்று தெரிந்தால், தரகர் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். அது யாருடைய நம்பர் என்றும் கேளுங்கள். பையனுடைய நம்பராக இருந்தால் வேண்டாம், அப்பா அம்மா நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பையனுக்கே நேரடியாக எழுதினால் பெரியவர்களைத் தாண்டிப் போனதாக வருத்தம் வரும், அந்த வருத்தம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

கூட்டம் பார்க்கிற கொங்கு வீடுகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை, பேச்சு அங்கேயே நின்றுவிடும். இதை ஜாதகம் எல்லாம் கைமாறி ஒரு வாரம் கழித்துக் கண்டுபிடித்து இரண்டு வீடும் சங்கடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நம்பர் கொடுத்தவருக்கே தெரிந்திருக்கும், கேட்டால் சொல்வார். அவருக்கும் தெரியாவிட்டால், செய்தியில் நீங்கள் முந்திக்கொண்டு உங்கள் கூட்டத்தையும் குலதெய்வம் இருக்கும் ஊரையும் சொல்லிவிடுங்கள். "நீங்கள் என்ன கூட்டம்?" என்று எடுத்ததும் கேட்பதைவிட நம்முடையதை முதலில் சொல்வது மரியாதை. படிக்கிறவர் தன்னுடையதைத் தானாகவே சொல்வார்.

பெண்ணிடம் கேட்டுவிட்டீர்களா? ஊர் இது, பையன் இன்ன வேலை, எழுதட்டுமா என்று அவளிடம் கேட்ட பிறகுதான் செய்தி போக வேண்டும். எந்தப் படத்தை அனுப்புவது என்பதையும் அவளே சொல்லட்டும். இந்த ஒன்றில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. அவளுக்குத் தெரியாமல் போன படம் எங்கேயோ சுற்றி அவளோடு வேலை செய்கிறவர் போனில் வந்து நிற்கும்போது, வீட்டில் யாராலும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

சரி, யார் எழுதுவது? அப்பாவோ தாய்மாமனோ எழுதலாம். அம்மா எழுதுவதாக இருந்தால் பையனின் அம்மாவுக்கு எழுதட்டும். யார் எழுதினாலும் அவர்தான் கடைசிவரை பேச வேண்டும். இன்றைக்கு மாமன், நாளைக்குச் சித்தப்பா என்று ஆள் மாறினால் அங்கே குழம்பிப்போவார்கள். பெண் வீட்டுக்காரர்கள் முதலில் எழுதினால் குறைச்சலா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இருப்பவர் சொல்லி, அவர்களும் சரி என்ற பிறகு எழுதுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. எழுதும் விதத்தில் கெஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் செய்தி வந்த நேரம் கூடவே நிற்கும், நல்ல காரியத்துக்கு வந்த முதல் செய்தியை அந்த நேரத்தோடு பார்க்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவர்களுக்காக ராகு காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளி காலை பத்தரை முதல் பன்னிரண்டு, ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு, இந்த இரண்டில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் ஒன்று நல்ல நாள், மற்றது ஓய்வு நாள். ஆடியும் நம் பக்கத்துக் கர்க்கடகமும் ஒரே மாதம் என்பதால் அந்த மாதத்தில் இரண்டு பக்கமும் பேச்சை ஆரம்பிக்க மாட்டார்கள்.

இனி செய்தி. நான் அனுப்பியதைப் பெயர், கூட்டம் எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்:

"வணக்கம் அண்ணா. நான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பெயர்) எழுதுகிறேன். கிணத்துக்கடவுப் பெரியம்மா உங்கள் நம்பரைக் கொடுத்தார்கள், உங்களிடமும் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். என் அக்கா மகளுக்கு வரன் பார்க்கிறோம். எம்.காம். முடித்து, பாலக்காட்டில் ஒரு கூட்டுறவு வங்கியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். 1998 நவம்பரில் பிறந்தவள். நாங்கள் (இன்ன) கூட்டம், குலதெய்வக் கோயில் (இன்ன ஊரில்) இருக்கிறது. உங்கள் வீட்டில் தம்பிக்கு இப்போது பார்ப்பதாக இருந்தால் ஜாதகம் அனுப்பலாமா என்று கேட்கத்தான் எழுதினேன். வீட்டில் கலந்து பேசிவிட்டு வசதிப்பட்ட நேரத்தில் ஒரு வரி சொல்லுங்கள். இப்போது பார்க்கவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லலாம், எங்களுக்கு வருத்தம் இல்லை. நன்றி அண்ணா."

இதில் படம் இல்லை, ஜாதகமும் இல்லை. முதல் செய்தி அனுமதி கேட்கிற செய்தி மட்டும்தான். படம், ஜாதகம், பயோடேட்டா, சொந்தக்காரர் பட்டியல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால், அவர்கள் பார்க்கவில்லை என்று சொல்ல நினைத்திருந்தாலும் பெண்ணின் படம் அவர்கள் போனில் ஏறிவிட்டது. அதோடு, படத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்கும் கஷ்டம். அதனால் பதிலே போடாமல் விட்டுவிடுவார்கள், நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

"தம்பி" என்று எழுதியதைக் கவனியுங்கள். அவசரத்தில் "மாப்பிள்ளை" என்று எழுதிவிடுவோம், ஊரில் வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் ஜாதகம்கூடப் பார்க்காத நிலையில் மாப்பிள்ளை என்றால், எல்லாம் முடிவான மாதிரி அவர்கள் மேல் ஒரு பாரம் ஏறுகிறது. "சம்பந்தி" அதைவிட மோசம். "உங்கள் மகன்" என்பதும் சரிதான், கொஞ்சம் விலகி நிற்கும். பெண்ணின் பெயரையும் நான் போடவில்லை, ஜாதகத்தோடு தெரிந்துகொண்டால் போதும். யாருக்கு எழுதுகிறோமோ அவர் நம்மைவிட மூத்தவர் என்று தெரிந்தால் "அண்ணா", வயது தெரியாவிட்டால் "ஐயா". நம் பக்கத்துப் பழக்கத்தில் "சார்" என்று போடுகிறவர்கள் உண்டு. அது ஆபீஸ் கடிதம் மாதிரி ஆகிவிடுகிறது, விட்டுவிடுங்கள்.

நாம் மலையாளத்தோடு சேர்ந்தே வளர்ந்தவர்கள் என்பதால் சில சொற்களில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். "ஒரு ஆலோசனை இருக்கிறது" என்று இங்கே சொன்னால் கல்யாணப் பேச்சு என்று எல்லாருக்கும் புரியும். அதையே பொள்ளாச்சிக்கு எழுதினால், ஏதோ யோசனை சொல்ல வருகிறார் என்று படிப்பார்கள். அதேபோல் தமிழில் பெண்ணுக்கும் பையனுக்கும் பொதுவாக "வரன்" என்போம், மலையாளத்தில் வரன் என்றால் மாப்பிள்ளை மட்டும்தான். அங்கிருந்து "உங்கள் வீட்டு வரன் பற்றி" என்று பதில் வரும்போது, மலையாளம் படித்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகள் அண்ணனைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் கேட்பது பெண்ணைத்தான். "சம்பந்தம்" என்ற சொல் தமிழில் கௌரவமானது, ஆனால் மலையாளத்தில் அதற்குப் பழைய காலத்து வேறு ஒரு பொருளும் உண்டு. மலையாளம் பேசும் வீட்டுக்கு எழுதும்போது அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அவர்கள் "அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டால் அடுத்தது ஜாதகம். நான் ஒரு நல்ல இடத்தைக் கெடுத்தது இந்தக் கட்டத்தில்தான்.

எங்கள் பெண்ணின் ஜாதகம் இங்கே எழுதியது, முழுக்க மலையாளம். நட்சத்திரம் மகயிரம். மலையாளத்தில் மகயிரம் என்பது நம் மிருகசீரிடம். எனக்கு அது தெரியும், தெரிந்தும் நான் ஜாதகத்தைப் படம் எடுத்து அப்படியே அனுப்பிவிட்டேன். அங்கே யாரோ எழுத்துக்கூட்டிப் படித்து "மகம்" என்று ஜோசியரிடம் சொல்லியிருக்கிறார்கள். பையன் அசுவினி. அசுவினியும் மகமும் இரண்டுமே பாத ரச்சு, அதனால் ரச்சு தட்டுகிறது என்று ஜோசியர் வேண்டாம் என்றுவிட்டார். மிருகசீரிடம் சிரசு ரச்சு, அந்தத் தடையே வந்திருக்காது. மூன்று மாதம் கழித்துப் பெரியம்மா பேச்சுவாக்கில் "மக நட்சத்திரம்னு சொன்னாங்களே" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது. அக்காவிடம் அதைச் சொன்ன அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டில் சாப்பிடாமல் வந்தேன்.

அதனால் மலையாள ஜாதகம் என்றால் கூடவே தமிழில் ஐந்தாறு வரி எழுதி அனுப்புங்கள்: பிறந்த தேதி, நேரம், ஊர், நட்சத்திரம் பாதத்தோடு, ராசி, லக்னம். நட்சத்திரத்தோடு ராசியையும் சேர்த்து எழுதுவது முக்கியம், ஏனென்றால் ஒன்று தப்பினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். மிருகசீரிடம் முதல் இரண்டு பாதம் ரிஷபம், அடுத்த இரண்டு மிதுனம். மகம் சிம்மத்தில் மட்டும்தான் வரும். "மகம், ரிஷபம்" என்று யாராவது எழுதினால் எந்த ஜோசியரும் அங்கேயே நிறுத்திக் கேட்பார். இதேபோல் தடுக்கி விழவைக்கிற பெயர்கள் இன்னும் சில: புணர்தம் என்றால் புனர்பூசம், அத்தம் என்றால் அஸ்தம், சோதி என்றால் சுவாதி, அனிழம் என்றால் அனுஷம், திருக்கேட்ட என்றால் கேட்டை.

தேதியும் ஏமாற்றும். பழைய முறையில் எழுதிய ஜாதகத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும். எங்கள் பெண்ணுடையது கொல்லம் 1174, துலாம் மாதம். கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. அதனால் ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. துலாம் என்பது ஐப்பசி, ஆகவே 1174 உடன் 824 சேர்த்து 1998. யாராவது கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் பெண்ணுக்கு ஒரு வயது குறைந்துவிடும். அப்புறம் சர்டிபிகேட்டில் வேறு வருடம் தெரியும்போது வயதை மறைத்தோம் என்று பேச்சு வரும். பிறந்த நேரமும் சூரிய உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்று இருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம். பன்னிரண்டரை நாழிகை என்றால் 300 நிமிடம், ஐந்து மணி நேரம். அன்றைக்கு உதயம் ஆறேகால் என்றால் பிறந்தது பதினொன்றேகால். இதைக் கணக்குப் போட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அதோடு ஒத்துப்பார்த்துவிட்டு மணியாகவே எழுதுங்கள்.

பயோடேட்டாவில் ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் பக்கத்துச் சர்டிபிகேட்டுகளில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால் வரும், அதில் ஓர் எழுத்து வீட்டுப் பெயராகவும் இருக்கும். தமிழ்நாட்டில் இன்ஷியல் என்றால் அப்பா பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள், அப்பா பெயரோடு அது ஒத்துப்போகவில்லை என்றால் மனதில் ஒரு கேள்வி விழும். அப்பா பெயர், அம்மா பெயர், வீட்டுப் பெயர் மூன்றையும் முழுதாக எழுதிவிடுங்கள். ஆதார் நம்பர், கதவு எண், சம்பளச் சீட்டு எதுவும் இப்போது வேண்டாம். முன்பு நிச்சயம் ஆகி நின்றுபோயிருந்தால், அல்லது இது மறுமணம் என்றால், அதை ஜாதகத்தோடு ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். விசாரிக்கும்போது எப்படியும் தெரியவரும், நம் வாயால் வந்தால் அது வெறும் தகவலாக நின்றுவிடும்.

படத்தை இன்னொருவர் அனுப்பியதிலிருந்து தள்ளிவிடாதீர்கள். மேலே Forwarded என்று வரும், நாலு வீட்டுக்குச் சுற்றிய படம் மாதிரி இருக்கும். கேலரியில் இருந்து எடுத்து அனுப்புங்கள். கோப்பின் பெயரையும் பாருங்கள். ஒரு வீட்டிலிருந்து எனக்குப் பார்க்கக் கொடுத்த பயோடேட்டாவின் பெயர் `udumalai_party_2.pdf`, அதைக் கிணத்துக்கடவுக்கு அனுப்ப இருந்தார்கள். படத்துக்குக் கீழே, "உங்கள் வீட்டில் பார்க்க மட்டும், வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம் அண்ணா" என்று எழுதுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பவுன் கணக்கை நாமே எடுக்கக் கூடாது. "நாங்கள் இவ்வளவு போடுவோம்" என்று பெண் வீட்டார் முதல் செய்தியிலேயே எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அங்கிருந்து "உங்கள் எதிர்பார்ப்பு, எங்கள் எதிர்பார்ப்பு பேசிக்கொள்ளலாம்" என்று வந்தால், "படிப்பு, வேலை, ஊர் பற்றி என்ன தெரிய வேண்டுமோ கேளுங்கள் அண்ணா, சொல்கிறோம்" என்று பதில் போடுங்கள். அதற்குப் பிறகும் தொகை பேசினால் அந்த வீட்டை விட்டுவிடுவதுதான் என் அபிப்பிராயம். 1961-ஆம் வருடத்து வரதட்சணைத் தடைச் சட்டப்படி கேட்பதும் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். நீல டிக் வந்தும் பதில் வரவில்லை என்று மறுநாளே "பார்த்தீர்களா அண்ணா" என்று கேட்காதீர்கள். அவர்கள் ஜோசியரிடம் போக வேண்டும், பையன் வெளியூரில் இருந்தால் அவனிடம் பேச வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். அதற்குப் பிறகும் நேராகக் கேட்காமல் நம்பர் கொடுத்தவர் வழியாகக் கேளுங்கள், அவரிடம் "வேண்டாம்" என்று சொல்வது அவர்களுக்கும் சுலபம்.

"ஜாதகம் அமையவில்லை" என்று பதில் வந்தால், நட்சத்திரத்தைச் சரியாகப் படித்தார்களா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம். நாம் தமிழில் தெளிவாக எழுதி அனுப்பியிருந்தால் அதற்கும் அவசியம் இல்லை. வேறு ஜோசியரிடம் பார்த்தோம், எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று திரும்ப எழுதாதீர்கள். பல வீடுகளில் அது வேண்டாம் என்பதை மனசு நோகாமல் சொல்கிற வழி. நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "பார்த்துச் சொன்னதற்கு நன்றி அண்ணா. தம்பிக்கு நல்ல இடமாக அமையட்டும். பாப்பாவின் படத்தையும் ஜாதகத்தையும் அழித்துவிடுங்கள், நீங்கள் அனுப்பியவற்றை நாங்களும் அழித்துவிட்டோம்." இதைப் பெரியம்மாவிடம் சொல்லி அனுப்பலாம், அல்லது நேராகவே எழுதலாம். எழுதுவதற்கு முன்னால் உங்கள் போனில் அதை உண்மையிலேயே அழித்துவிடுங்கள், அக்கா போனிலும் மச்சான் போனிலும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.